1900, 2000, 2100: தேதி ஒரு நாள் தவறும்போது எங்கே பார்ப்பது

தேதிக் கணக்கில் ஒரு நாள் கூடினாலோ குறைந்தாலோ பலரும் முதலில் நேர மண்டலத்தைத்தான் சந்தேகிக்கிறார்கள். பெரும்பாலான சமயங்களில் அந்தச் சந்தேகம் சரியாகவும் இருக்கும். ஆனால் கணக்கில் வரும் இரண்டு தேதிகளுக்கு நடுவே 1700, 1800, 1900, 2100 போன்ற ஓர் ஆண்டின் பிப்ரவரி இருந்தால், நேர மண்டலத்தைத் தொடுவதற்கு முன் லீப் ஆண்டு விதியைச் சோதிக்க வேண்டும். பள்ளியில் மனத்தில் பதிந்த "நான்கால் வகுபட்டால் லீப் ஆண்டு" என்பது விதியின் முதல் மூன்றில் ஒரு பங்குதான். மீதி இரண்டு பங்கைப் பாடப்புத்தகங்கள் அவசரமாகக் கடந்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. கீழே வரும் பிழைகள் எல்லாம் அந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

முழு விதியும் அதன் காரணமும்

ஆண்டு 4ஆல் மீதியின்றி வகுபட்டால் லீப் ஆண்டு. ஆனால் அது 100ஆலும் வகுபட்டால் லீப் ஆண்டு அல்ல. அதிலும் 400ஆல் வகுபட்டால் மறுபடி லீப் ஆண்டு. ஆகவே 1600, 2000, 2400 ஆகியவற்றில் பிப்ரவரி 29 உண்டு. 1700, 1800, 1900, 2100 ஆகியவற்றில் இல்லை.

ஏன் இப்படி? பருவங்கள் ஒரு சுற்றை முடித்து அதே இடத்துக்கு வர 365.2422 நாட்கள் ஆகின்றன. அதாவது 365 நாள், 5 மணி, 48 நிமிடம், ஏறத்தாழ 45 விநாடி. கி.மு. 45இல் ஜூலியஸ் சீசர் நடைமுறைக்குக் கொண்டுவந்த நாட்காட்டி இதை 365 நாள் 6 மணி என்று எடுத்துக்கொண்டு, நான்கு ஆண்டுக்கு ஒரு நாளைச் சேர்த்தது. ஆண்டுக்கு 11 நிமிடத்துக்குச் சற்று மேல் அதிகம். இந்தப் பிழை 128 ஆண்டுகளில் ஒரு முழு நாளாகச் சேர்ந்துவிடுகிறது. கி.பி. 325இல் நிக்கேயா சபை கூடிய காலத்தில் மார்ச் 21ஐ ஒட்டி வந்த வசந்த சம இரவு நாள், 1582க்குள் மார்ச் 11ஐ ஒட்டி வந்து நின்றது. ஈஸ்டர் திருநாளை அந்தச் சம இரவு நாளை வைத்துக் கணிப்பதால் திருச்சபைக்கு இது பெரிய சிக்கல். லூயிஜி லிலியோ என்ற இத்தாலிய மருத்துவர் வகுத்துவைத்த திட்டத்தை ஏற்று, போப் பதின்மூன்றாம் கிரகோரி அந்த ஆண்டில் சீர்திருத்தத்தை அறிவித்தார். 1582 அக்டோபர் 4, வியாழக்கிழமைக்கு மறுநாள் அக்டோபர் 15, வெள்ளிக்கிழமை என்று ஆயிற்று.

பத்து நாளை நீக்கியது பழைய கடனை அடைத்ததாகும். புதிய கடன் சேராமல் பார்த்துக்கொள்வதுதான் நூற்றாண்டு விதியின் வேலை. 400 ஆண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 0.2422 நாள் என்றால் 400 ஆண்டுகளில் 96.88 நாட்கள் சேர்க்கப்பட வேண்டும். நான்குக்கு ஒன்று என்ற கணக்கு 100 நாட்களைச் சேர்த்துவிடுகிறது. மூன்று நாட்களை எடுத்துவிட்டால் 97 வருகிறது. எந்த மூன்று என்பதை யாரும் மறக்காத இடத்தில் வைக்க வேண்டும். 00இல் முடியும் நான்கு ஆண்டுகளில் மூன்றை எடுத்துவிட்டு, 400ஆல் வகுபடுவதை மட்டும் விட்டுவைத்தார்கள். துல்லியம் மட்டுமே நோக்கமாக இருந்தால் 128 ஆண்டுக்கு ஒரு லீப் நாளை நீக்குவது இதைவிட நெருக்கமான கணக்கு. ஆனால் 128ஆல் வகுத்துப் பார்க்கச் சொன்னால் ஊரில் எத்தனை பேர் மனக்கணக்காகச் செய்வார்கள்? எளிமைக்கும் துல்லியத்துக்கும் நடுவே இவர்கள் தேர்ந்த இடம் அருமையானது என்பது என் முடிவு.

அறிகுறி: விரிதாளில் 1900 ஜனவரி, பிப்ரவரி தேதிகளுக்குக் கிழமை தவறுகிறது, அல்லது நாள் வித்தியாசத்தில் ஒன்று கூடுகிறது

பழைய பிறப்புப் பதிவு, கோயில் கணக்கு, குடும்ப வரலாறு போன்றவற்றை எக்செலில் ஏற்றுபவர்கள் சந்திக்கும் பிழை இது. உறுதிசெய்ய ஒரு சின்னச் சோதனை போதும். காலியான கட்டத்தில் 60 என்று தட்டச்சு செய்து, அதன் வடிவத்தைத் தேதியாக மாற்றுங்கள். எக்செல் 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். அப்படி ஒரு நாள் உலகில் இருந்ததே இல்லை.

எக்செல் ஒவ்வொரு தேதியையும் ஒரு வரிசை எண்ணாக வைத்துக்கொள்கிறது. 1900 ஜனவரி 1க்கு எண் 1. அங்கிருந்து எண்ணிக்கொண்டே வந்தால் பிப்ரவரி 28க்கு 59. அடுத்த நாள் மார்ச் 1, அதன் எண் 60 ஆக இருக்க வேண்டும். ஆனால் மார்ச் 1க்கு 61 தரப்பட்டிருக்கிறது. நடுவே 60 அந்த இல்லாத நாளுக்குப் போய்விட்டது. இதன் வேர் எக்செலுக்கும் முந்தியது. லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் மென்பொருள் 1900ஐ லீப் ஆண்டாக எண்ணியது. அந்தக் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்செல் அதே எண்முறையை எடுத்துக்கொண்டது. இன்று திருத்தினால் உலகில் உள்ள ஏறக்குறைய எல்லாக் கோப்புகளிலும் தேதிகள் ஒரு நாள் நகர்ந்துவிடும் என்பதால் அது அப்படியே நிற்கிறது.

பாதிப்பு எங்கே, எங்கே இல்லை என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு தேதிகளும் 1900 மார்ச் 1க்குப் பிறகு இருந்தால் கவலையே இல்லை, வித்தியாசமும் கிழமையும் சரியாக வரும். ஒரு தேதி முன்பும் மற்றது பின்பும் இருந்தால் வித்தியாசத்தில் ஒன்று கூடும். 1900 பிப்ரவரி 1 முதல் மார்ச் 31 வரை கழித்துப் பாருங்கள். எக்செலில் எண்கள் 32, 91. விடை 59. கையால் எண்ணினால் பிப்ரவரி 1இலிருந்து மார்ச் 1 வரை 28, அங்கிருந்து மார்ச் 31 வரை 30, மொத்தம் 58. கிழமையோ மார்ச் 1க்கு முந்திய எல்லாத் தேதிகளுக்கும் தவறும். 1900 ஜனவரி 1 திங்கட்கிழமை, எக்செல் ஞாயிறு என்று சொல்லும்.

தொடக்கத் தேதி A2விலும் முடிவுத் தேதி B2விலும் இருந்தால், திருத்தம் இது. முதல் வரி நாள் வித்தியாசத்துக்கு, இரண்டாவது கிழமைக்கு.

```
=B2-A2-IF(AND(A2<61,B2>60),1,0)
=WEEKDAY(A2+IF(A2<60,1,0))
```

கோப்பை வேறு விரிதாளுக்குக் கொண்டுபோகும்போது மட்டும் தேதி மாறினால் காரணம் இதன் மறுபக்கம். கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரே ஆபிஸ் கால்க்கின் இயல்பான அமைப்பிலும் இல்லாத நாள் கிடையாது. அவை எண்ணைத் தொடங்குவதை ஒரு நாள் முன்னால் தள்ளி, 1899 டிசம்பர் 31க்கு 1 என்று வைத்துக்கொண்டன. அதனால் 61 முதல் மேலே எல்லா எண்களும் எக்செலோடு பொருந்துகின்றன, 59 வரை ஒரு நாள் விலகுகின்றன. 60 என்று தட்டச்சு செய்யும் அதே சோதனையில் இங்கே பிப்ரவரி 28 வரும்.

ஒரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். 1900க்கு முந்திய தேதியை எக்செல் தேதியாகவே ஏற்பதில்லை, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிவேடுகளை ஏற்றுபவர்கள் ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று பத்திகளில் எண்ணாகவே வைத்துக்கொண்டு, கணக்கை வேறு கருவியில் செய்வதுதான் பாதுகாப்பு. வித்தியாசம் ஒரு நாள் அல்லாமல் நான்கு ஆண்டும் ஒரு நாளுமாக, அதாவது 1462 நாட்களாக இருந்தால், அது வேறு சிக்கல். கோப்பின் அமைப்பில் `1904 date system` தேர்வு செய்யப்பட்டிருக்கும்.

அறிகுறி: நிரல் 2000 பிப்ரவரி 29ஐ மறுக்கிறது, அல்லது 2100 பிப்ரவரி 29ஐ ஏற்கிறது

இவை இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான பிழைகள், காரணமும் வெவ்வேறு. 2000ஐ மறுக்கும் நிரலை எழுதியவர் 100 விதியை அறிந்தவர், 400 விதியை அறியாதவர். 2100ஐ ஏற்கும் நிரலை எழுதியவர் 4 விதியோடு நின்றுவிட்டவர். 2000இல் இரண்டாமவரின் நிரல் சரியாக ஓடியது, முதலாமவருடையது தடுமாறியது. விதியைக் குறைவாக அறிந்தவருக்கு அந்த ஆண்டு சாதகமாக அமைந்தது. 1901 முதல் 2099 வரை எந்த ஆண்டிலும் 4 விதி மட்டுமே போதும் என்பதால், இந்தப் பிழை எத்தனையோ நிரல்களில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது.

மூன்றாவது வகை நயமானது. எழுதியவருக்கு முழு விதியும் தெரியும், வரிசைதான் தவறியிருக்கும்.

```
if (year % 4 == 0) leap = true;
else if (year % 100 == 0) leap = false;
else if (year % 400 == 0) leap = true;
else leap = false;
```

1900ஐ இதில் ஓட்டிப் பாருங்கள். 4ஆல் வகுபடுகிறது, முதல் வரியே `true` என்று முடித்துவிடுகிறது. 100ஆல் வகுபடும் எந்த எண்ணும் 4ஆலும் வகுபடும் என்பதால், இரண்டாவது வரிக்கு 1900 மட்டுமல்ல, 00இல் முடியும் எந்த ஆண்டுமே போய்ச் சேராது. படிக்கும்போது விதி முழுவதும் இருப்பதுபோல் தெரிவதால் சரிபார்ப்பவர்களும் தாண்டிப் போய்விடுகிறார்கள். விதிவிலக்குகளை அடுக்கும்போது குறுகியது முதலிலும் பரந்தது கடைசியிலும் வர வேண்டும்: 400, பிறகு 100, பிறகு 4. அல்லது ஒரே வரியில் இப்படி:

```
leap = (year % 4 == 0 && year % 100 != 0) || year % 400 == 0;
```

1900: 4ஆல் வகுபடுகிறது, 100ஆலும் வகுபடுகிறது, ஆகவே முதல் பகுதி பொய்; 400ஆல் வகுபடவில்லை, இரண்டாம் பகுதியும் பொய். 2000: முதல் பகுதி பொய், இரண்டாம் பகுதி மெய். 2024: முதல் பகுதியே மெய். சோதனைக்கு 1900, 2000, 2023, 2024 என்ற நான்கு ஆண்டுகள் இருந்தால் மூன்று விதிகளும் உரசிப் பார்க்கப்பட்டுவிடும். 2023, 2024 மட்டும் வைத்துச் சோதிப்பது நூற்றாண்டு விதியைத் தொடாத சோதனை.

2100 தொலைவில் இருக்கிறதே, இப்போது எதற்கு என்று கேட்பவர்களுக்கு 99 ஆண்டுக் குத்தகை ஒன்றைக் காட்டுகிறேன். 2026 ஜனவரி 1இல் தொடங்கி 2125 ஜனவரி 1இல் முடிகிறது என்று வையுங்கள். 99 முறை 365 என்பது 36,135. நடுவே 2028 முதல் 2124 வரை நான்கால் வகுபடும் ஆண்டுகள் 25. அவற்றில் 2100 லீப் அல்ல, ஆகவே 24. மொத்தம் 36,159 நாட்கள். உங்கள் மென்பொருள் 36,160 என்று சொன்னால், நாள் கணக்கில் வட்டியோ வாடகையோ போடும் இடத்தில் பிழை இன்றைக்கே இருக்கிறது. பைத்தானில் சரிபார்க்க:

```
from datetime import date
print((date(2125,1,1) - date(2026,1,1)).days)
```

கடிகாரச் சில்லு பொருத்திய கருவிகள் செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் `DS1307` சில்லு ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொள்கிறது. அதற்கு 00 என்றால் லீப் ஆண்டுதான். 2000க்கு அது பொருந்தும், 2100க்குப் பொருந்தாது. அதன் தகவல் தாளே லீப் ஆண்டுத் திருத்தம் 2100 வரைதான் செல்லும் என்று சொல்லிவிடுகிறது. சில்லை மாற்ற முடியாவிட்டால், படித்த தேதியை நிரலில் ஒருமுறை முழு விதியால் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அறிகுறி: ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு பழைய ஆவணங்கள் 10, 11, 12 அல்லது 13 நாள் வித்தியாசத்தில் தேதி சொல்கின்றன

இங்கே பிழை செய்தவர் யாரும் இல்லை. ஒருவர் ஜூலியன் நாட்காட்டியில் எழுதியிருக்கிறார், மற்றவர் கிரகோரியனில். 1746இல் லா பூர்தொனே தலைமையில் பிரெஞ்சுப் படை மதராஸின் புனித ஜார்ஜ் கோட்டையைக் கைப்பற்றியது. பிரெஞ்சுக் கணக்கில் அது செப்டம்பர் 21. ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10. பிரான்ஸ் 1582லேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டது, பிரிட்டன் 1752 வரை மாறவில்லை. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிவந்த புதுச்சேரிக்கும் மதராஸுக்கும் இடையே ஒன்றரை நூறு கிலோமீட்டர்தான், தேதியில் பதினொரு நாள்.

1582இல் நீக்கியது பத்து நாள் என்றால் 1746இல் பதினொன்று எப்படி? நூற்றாண்டு விதிதான். 1600 இரண்டு நாட்காட்டியிலும் லீப், வித்தியாசம் பத்திலேயே நின்றது. 1700 ஜூலியனில் லீப், கிரகோரியனில் அல்ல, வித்தியாசம் பதினொன்றாயிற்று. 1800இல் பன்னிரண்டு, 1900இல் பதின்மூன்று. 2000இல் மாறவில்லை. ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி நவம்பர் 7 என்று கொண்டாடப்பட்டது இந்தப் பதின்மூன்றால்தான்: பழைய கணக்கில் 1917 அக்டோபர் 25. ஜூலியன் நாட்காட்டியைத் தொடரும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளின் கிறிஸ்துமஸ் இப்போது ஜனவரி 7, 2101இல் அது ஜனவரி 8 ஆகும்.

ஆவணம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கிழமைதான் நல்ல துணை. நாட்காட்டி மாறியபோது தேதி தாண்டியது, கிழமை அறுபடவில்லை. பிரிட்டனில் 1752 செப்டம்பர் 2 புதன், மறுநாள் 14 வியாழன். கோட்டை வீழ்ந்த நாள் இரண்டு கணக்கிலும் புதன்கிழமை. ஆகவே ஓர் ஆவணத்தில் "புதன், செப்டம்பர் 10, 1746" என்று இருந்தால், அந்தத் தேதிக்குக் கணினியில் கிழமை கேளுங்கள். பைத்தான் தொடக்கம் முதலே கிரகோரியன் விதியைப் பின்னோக்கி நீட்டிக் கணக்கிடுவதால் சனி என்று சொல்லும். பொருந்தவில்லை. 11 நாள் கூட்டி 21ஐக் கேட்டால் புதன் வரும். ஆவணம் ஜூலியன் என்பது உறுதி. கிழமை இல்லாத ஆவணத்தில் எழுதியவர் எந்த நாட்டு நிர்வாகத்தின்கீழ் இருந்தார் என்பதைத்தான் நம்ப வேண்டியிருக்கும். தரங்கம்பாடியின் டேனியர்கள் 1700லேயே மாறியவர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

1752க்கு முந்திய ஆங்கிலேயர் ஆவணங்களில் இன்னொரு பொறியும் உண்டு. அவர்களின் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியது. ஜனவரி, பிப்ரவரித் தேதிகளுக்கு ஆண்டு எண்ணே ஒன்று குறைவாக இருக்கலாம். பதினொரு நாளைக் கூட்டிய பிறகும் ஒரு முழு ஆண்டு இடித்தால் இதைப் பாருங்கள்.

அறிகுறி: பழைய குறிப்பில் மகர சங்கராந்தி ஜனவரி 12, இன்று 14 அல்லது 15

விவேகானந்தர் பிறந்தது 1863 ஜனவரி 12, அன்று மகர சங்கராந்தி. 2023இல் சூரியன் மகரத்தில் புகுந்தது ஜனவரி 14 இரவில். இதைப் பார்த்துப் பஞ்சாங்கத்தில் பிழை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பிழை இல்லை, கணக்கைப் பார்த்துவிடலாம்.

தமிழ் ஆண்டு பருவத்தை அல்லாமல் விண்மீன்களை வைத்துச் சூரியனை அளக்கிறது. அந்தச் சுற்றுக்கு 365.2564 நாட்கள், பருவச் சுற்றைவிட ஏறத்தாழ 20 நிமிடம் அதிகம். 1863 முதல் 2023 வரை 160 சுற்றுகள், மொத்தம் 58,441 நாட்கள். அதே காலத்தில் ஜனவரி 12இலிருந்து ஜனவரி 12 வரை ஆங்கில நாட்காட்டி எத்தனை நாட்களைக் கடந்தது? 160 முறை 365, அதாவது 58,400. லீப் நாட்கள் 1864 முதல் 2020 வரை 40 வர வேண்டியவை, 1900 விடுபட்டதால் 39. மொத்தம் 58,439. இரண்டு நாள் வித்தியாசம், ஜனவரி 14 சரியாக வந்துவிட்டது. 1900 லீப் ஆண்டாக இருந்திருந்தால் வித்தியாசம் ஒரு நாள்தான் இருந்திருக்கும்.

ஆகவே சராசரியாக 72 ஆண்டுக்கு ஒரு நாள் நகர்கிறது என்று பொதுவாகச் சொல்லப்படுவது சரி, ஆனால் நகர்வு சீரானது அல்ல. 1900க்கும் 2100க்கும் இடையில் மெதுவாக, ஏறத்தாழ 157 ஆண்டுக்கு ஒரு நாள் என்ற வேகத்தில் போகும். 2100இல் பிப்ரவரி 29 விடுபட்டதும் அந்த ஆண்டின் சித்திரை முதல் நாளும், 2101இன் பொங்கலும் ஒரே தாவலில் ஒரு நாள் தள்ளிப்போகும்.

அறிகுறி: நிரலில் `year % 4000` என்று ஒரு நான்காவது விதி இருக்கிறது

97 லீப் நாட்களும் 96.88க்குச் சற்று அதிகம்தான். ஆண்டுக்கு 27 விநாடிக்குள், மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆனால் ஒரு நாள். இதைச் சரிக்கட்ட 4000ஆல் வகுபடும் ஆண்டை லீப் அல்லாததாக்கலாம் என்று வானியலாளர் ஜான் ஹெர்ஷல் யோசனை சொன்னார். கிரகோரியன் நாட்காட்டியில் அது சேர்க்கப்படவில்லை. அந்த வரியை நீக்கிவிடுங்கள். 4000 லீப் ஆண்டுதான்.